சுருக்கமா, மீளாய்வா? சங்க காலக் கணிப்பை வைத்து ஓர் ஒப்பீடு

டாக்டோரல் கமிட்டி முன் முதல் முறை உட்காரும் ஆய்வாளர்கள் பலரிடம் ஒரே மாதிரி அத்தியாயம் இருக்கும். பத்திக்கு ஒரு பெயர்: இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார். தலைப்பு மட்டும் ‘இலக்கிய மீளாய்வு’. தமிழ்த்துறைக்காரர்களை இந்தச் சொல்லே குழப்பிவிடும். இங்கே இலக்கியம் என்பது குறுந்தொகையோ நற்றிணையோ அல்ல, உங்கள் கேள்வியைப் பற்றி ஏற்கெனவே வந்திருக்கும் ஆய்வுகள்.

சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தின் காலம் பற்றி ஆராய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாக எழுதினால் இப்படி வரும்: கனகசபைப் பிள்ளை 1904இல் இலங்கை மன்னன் கயவாகுவை வைத்துச் சேரன் செங்குட்டுவன் காலத்தைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்றார். கமில் சுவலபில் 1973இல் அதே சான்றை ஏற்றார். ஹெர்மன் டீக்கன் 2001இல் சங்கப் பாடல்கள் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை என்றார். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட நூலில் புகளூர்க் கல்வெட்டின் சேரர்களைப் பதிற்றுப்பத்தோடு பொருத்தினார்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நால்வரின் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் ஒன்றும் மாறாது. இவர்களில் யாரை, எதுவரை நம்பலாம் என்று படிப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

மீளாய்வு ஆட்களை விட்டுவிட்டுச் சான்றுகளைப் பிடிக்கிறது. முதலில் கயவாகு. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு’ வந்து வணங்கியதாக இருக்கிறது. மகாவம்சத்தில் 2ஆம் நூற்றாண்டுக் கஜபாகு ஒருவர் உண்டு; இருவரும் ஒருவரே என்று கொண்டதுதான் இந்தக் கணிப்பு. ஆனால் அவர் சேரநாட்டுக்குப் போனதாக மகாவம்சம் சொல்லவில்லை. கஜபாகு கதையே புராணத் தன்மை கொண்டது, அதை வைத்துக் காலம் கணிக்க முடியாது என்று கணநாத் ஒபயசேகர மறுத்தார். இப்போது கனகசபையையும் சுவலபிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுருக்கத்தில் அவர்கள் இரண்டு சாட்சிகள். மீளாய்வில் இருவரும் சாய்ந்திருப்பது ஒரே தூணில். எத்தனை நூல்கள் இதைத் திரும்பச் சொன்னாலும் சான்று ஒன்றுதான். இந்த எண்ணிக்கைப் பிழையைத்தான் ஆய்வேடுகளில் நான் மிக அதிகம் பார்க்கிறேன்: ‘பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கின்றனர்’ என்ற வரி அங்கிருந்துதான் பிறக்கிறது.

அடுத்தது கல்வெட்டு. புகளூரில் தமிழ் பிராமியில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் ளங்கடுங்கோ’ என்று மூன்று தலைமுறை வெட்டப்பட்டிருக்கிறது. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளில் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை வருகிறார்கள். இது கயவாகுவைச் சாராத தனிச் சான்று, அதனால் கனம் அதிகம். ஆனாலும் பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை. இரண்டு வரிசையும் ஒன்று என்பது மகாதேவனின் முடிவு, கல் நேராகச் சொன்னதல்ல. அதையும் எழுத வேண்டும்.

இனி டீக்கன். தமிழுலகில் பலருக்கும் கோபம் வரவழைத்த வாதம் அது. கோபத்தில் அவரை ஒரு வரியில் தள்ளிவிடுவதும், ‘மாற்றுக் கருத்தும் உண்டு’ என்று கடைசியில் ஒட்டவைப்பதும் மீளாய்வாகாது. பழைய மன்னர்களைப் பற்றிப் பிற்காலத்தவர் பாடியிருக்கலாம் என்பது அவர் வாதத்தின் உயிர். நான் அவர் முடிவை ஏற்கவில்லை. ஆனால் அவரைப் புகளூருக்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று கண்ணில் படுகிறது: கல்வெட்டு காலம் சொல்வது மன்னனுக்கு, அவனைப் பாடிய பாட்டுக்கு அல்ல. கயவாகுச் சான்றும் அப்படியே. ஆக, இரண்டு சான்றுகளும் டீக்கனை நேரடியாகத் தொடவே இல்லை. பாட்டின் காலத்துக்குப் பாட்டின் மொழியிலிருந்தே சான்று எடுக்க வேண்டும். அந்த இடைவெளி தனித்தனிச் சுருக்கங்களில் தெரியாது. கயவாகு, புகளூர், டீக்கன் மூன்றையும் மோதவிட்டபோதுதான் தெரிந்தது. மீளாய்வு இருப்பதே இதற்காகத்தான்.

சுருக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்த ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதி வைக்காமல் மேலே உள்ளதை எழுதவே முடியாது. அது உங்கள் நோட்டில் இருக்கட்டும், ஆய்வேட்டில் வேண்டாம். நோட்டிலிருந்து அத்தியாயத்துக்குப் போக எக்செல் போதும். வரிசைக்கு ஒரு நூல், நெடுக்கே நான்கு கட்டம்: எந்தச் சான்று, அது எதற்குக் காலம் சொல்கிறது, யார் மறுத்தார், மறுப்புக்குப் பதில் வந்ததா. பிறகு நூலின் ஆண்டுப்படி அடுக்காமல் சான்றுப்படி அடுக்குங்கள். பத்திகள் தாமாகப் பிரியும்.

மேற்சொன்ன பட்டியலில் ‘எதற்குக் காலம் சொல்கிறது’ என்ற கட்டத்தில் ‘மன்னன்’, ‘மன்னன்’ என்றே வந்துகொண்டிருக்கும். ‘பாட்டு’ என்று எழுத முதல் இரண்டு சான்றுகளிலும் இடமில்லை. சினாப்சிஸில் உங்கள் ஆய்வுக் கேள்வியை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்: பதிற்றுப்பத்தின் வினைமுற்றுகளும் வேற்றுமை உருபுகளும் தமிழ் பிராமிக் கல்வெட்டு மொழியோடு எவ்வளவு நெருங்குகின்றன? கல்வெட்டுகள் மிகச் சிறியவை, ஒப்பிடக் கிடைக்கும் சொற்கள் கொஞ்சம் என்ற வரம்பையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள். கமிட்டியில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.