"நண்பரை அழைத்தால் 500" லிங்க்: எனக்கு 4,500 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பேர் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து தரும் ஆப்களில் ஒன்று, அவ்வளவுதான். உங்கள் லிங்க் வழியாக ஒருவர் ஆப்பை இறக்கி முதல் ஆர்டர் போட்டால் உங்களுக்கு 500, அவருக்கு 500. ஆப்பைத் திறந்ததுமே அந்தப் பச்சைப் பட்டைதான் கண்ணில் அடிக்கும்.

முதலில் என் அண்ணிக்கு அனுப்பினேன். இறக்கினார், அரிசியும் எண்ணெயும் ஆர்டர் போட்டார். டெலிவரி ஆன அன்றே என் வாலட்டில் 500 ரூபாய் ஏறி நின்றது. நான் நம்பியது அந்த இடத்தில்தான். சொன்னதைச் செய்கிற ஆள் என்று நினைத்து, ஆப்பிலிருந்த ஷேர் பட்டனை அழுத்திக் குடும்ப குரூப்பிலும் அபார்ட்மென்ட் குரூப்பிலும் லிங்கைப் போட்டேன். சித்தி, சித்தப்பா, மூன்றாவது மாடிக்காரர், ஆபீஸ் நண்பர்கள் என்று ஒன்பது பேர் சேர்ந்து ஆர்டரும் போட்டார்கள். ஒன்பது ஐநூறு, 4,500 ரூபாய். ஒரு பைசா வரவில்லை. அவர்களுக்கும் வரவில்லை. "என்னப்பா, உன்னை நம்பித்தானே போட்டேன்" என்று சித்தி கேட்டபோது என் கையிலிருந்து 500 எடுத்துக் கொடுத்தேன்.

கஸ்டமர் கேர் சாட்டில் முதல் பதில்: "48 மணி நேரம் காத்திருங்கள் சார்." காத்திருந்தேன். அடுத்த பதில்: "உங்கள் நண்பர்கள் உங்கள் லிங்க் வழியாக வரவில்லை சார், எங்கள் சிஸ்டத்தில் நேரடியாக வந்ததாகக் காட்டுகிறது." சித்தி என் எதிரில் உட்கார்ந்து அந்த லிங்கைத் தொட்டு இறக்கினார் என்றேன். "புரிகிறது சார், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டு, சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று ஒரு கட்டம் வந்தது பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறியது.

நான் ஆப் டெஸ்டிங் வேலையில் இருப்பவன். சிஸ்டம் காட்டுகிறது என்றால் எந்த சிஸ்டம், எப்படிக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியும். ஆப் ஏற்கெனவே போனில் இருந்தால் சிக்கலே இல்லை. டீப் லிங்க்கைத் தொட்டால் ஆப் நேராகத் திறக்கும், லிங்க்கில் உள்ள கோட் அதன் கைக்கே போய்விடும். சிக்கல் ஆப் இல்லாத போனில்தான். லிங்க்கைத் தொட்டால் பிளே ஸ்டோருக்குப் போகும், ஆப் இறங்கும், அப்புறம்தான் திறக்கும். புதிதாக இறங்கிய ஆப்புக்குத் தன்னை யார் அழைத்தார் என்று தானாகத் தெரியாது. அதற்காகத்தான் பிளே ஸ்டோர் முகவரியின் கடைசியில் referrer என்று ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். பிளே ஸ்டோர் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். ஆப் முதல்முறை திறக்கும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லிங்க்கை எப்போது தொட்டார், இறக்க ஆரம்பித்தது எப்போது என்ற நேரமும் கூடவே வரும். 90 நாள் வரை அந்தத் தகவல் கிடைக்கும். இதில் ஊகம் எதுவும் இல்லை. சீட்டு இருந்தால் பணம், இல்லாவிட்டால் "நேரடியாக வந்தவர்".

அண்ணிக்கு அனுப்பிய பழைய லிங்க் வாட்ஸாப்பில் அப்படியே இருந்தது. குரூப்பில் போட்டது வேறு மாதிரி, குட்டி லிங்க். இடையில் ஆப் அப்டேட் ஆனபோது ஷேர் பட்டன் தரும் லிங்க்கை மாற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஆண்ட்ராய்டு போன் கேட்பதுபோல் கம்ப்யூட்டர் டெர்மினலில் இந்தக் கட்டளையால் கேட்டுப் பார்த்தேன்:

```
curl -sIL -A "Mozilla/5.0 (Linux; Android 14)" "LINK" | grep -i ^location
```

LINK இருக்கும் இடத்தில் உங்கள் லிங்க்கைப் போடுங்கள். வழியில் எங்கெங்கே திருப்பி விடுகிறார்கள் என்று வரிவரியாகக் காட்டும். ஆப்பின் பெயரையும் கோடையும் மாற்றிக் காட்டுகிறேன். பழைய லிங்க்கின் கடைசி வரி:

```
location: https://play.google.com/store/apps/details?id=com.example.app&referrer=invite%3DK7M2
```

புதிய லிங்க்கின் கடைசி வரி:

```
location: https://play.google.com/store/apps/details?id=com.example.app
```

அவ்வளவுதான் கதை. புதிய லிங்க் இரண்டு இடம் தாவுகிறது. முதல் தாவலில் என் கோட் இருக்கிறது, இரண்டாவது தாவலில் காணோம். வழியிலேயே அவர்கள் சர்வர் கிழித்துப் போட்டுவிட்டு, நண்பர்கள் லிங்க் வழியாக வரவில்லை என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். ஒன்பது பேரில் ஏழு பேர் ஆண்ட்ராய்டு. அந்த ஏழு பேருக்கும் இதுதான் நடந்திருக்கிறது.

மீதி இரண்டு பேர் ஐபோன். அங்கே ஆப் ஸ்டோர் இந்த மாதிரி சீட்டு எதையும் கடத்தித் தராது. அதனால் பல கம்பெனிகள் குத்துமதிப்பாகச் சேர்த்துப் பார்க்கின்றன: லிங்க்கைத் தொட்ட போனின் ஐபி முகவரி, மாடல், ஐஓஎஸ் பதிப்பு இவை ஆப்பைத் திறந்த போனோடு ஒத்துப்போனால் அதே ஆள் என்று வைத்துக்கொள்வார்கள். ஆப்பிள் இதற்குத் தடை போட்டிருக்கிறது, அது வேறு கதை. மூன்றாவது மாடிக்காரர் வீட்டு வைஃபையில் லிங்க்கைத் தொட்டார், கீழே வந்து மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்தார். ஐபி மாறிவிட்டது, நான் காணாமல் போய்விட்டேன். நேர்மாறாகவும் நடக்கலாம். ஒரே வைஃபையில் ஒரே மாடல் போன் வைத்திருக்கும் இருவர் இரண்டு பேருடைய லிங்க்கைத் தொட்டால், என் 500 அடுத்தவருக்குப் போய்விடலாம்.

இந்த இரண்டு வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்றார்கள். அப்புறம் வந்தது: "ஆப்பில் பதிவு முடிந்தபின் அழைத்தவரை மாற்ற இயலாது." யாருடைய தவறுக்கு யார் பதிவை மாற்ற இயலாது? சித்தியின் ஆர்டர் எண், தேதி எல்லாம் அவர்களிடமே இருக்கிறது. மனசிருந்தால் ஒரு ஆள் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடலாம். சிலர் சொல்லலாம், கையிலிருந்து போகாத காசுக்கு ஏன் இவ்வளவு ஆட்டம் என்று. விளம்பரத்துக்குக் கொட்டவேண்டிய காசு, என் வாய் வார்த்தையில் ஒன்பது வாடிக்கையாளரைப் பிடித்துக்கொடுத்தேன். அந்தக் கூலி 4,500 ரூபாய்.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமையில்லை. பதிவு செய்யும் திரையில் ரெஃபரல் கோட் போடும் கட்டம் இருந்தால் லிங்க்கை நம்பாமல் கையால் அடிக்கச் சொல்லுங்கள். கட்டமே இல்லாத ஆப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். லிங்க்கைத் தொட்டவர் பிளே ஸ்டோரில் தனியாகத் தேடி இறக்கக் கூடாது, இன்னொரு போனிலிருந்து ஆப்பை வாங்கிப் போடவும் கூடாது, இரண்டிலும் சீட்டு வராது. ஐபோன்காரர் என்றால் தொட்ட அதே வைஃபையிலேயே இறக்கி உடனே திறக்கட்டும். ஒருவருக்கு வந்த பணம் அடுத்தவருக்கும் வரும் என்று நினைக்காதீர்கள், ஆப் அப்டேட் ஆனால் லிங்க்கை மறுபடி சோதியுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 4,500 வந்தால் இதே பதிவில் சேர்த்து எழுதுகிறேன்.