தாடியில் ஒரு சொட்டை: நகலெடுப்பதா, கன்னம் மாற்றுவதா, வரைவதா?

நேர்முகமாக எடுத்த ஒரு படத்தில், இடக் கன்னத்துத் தாடியில் கட்டைவிரல் நகமளவுக்கு முடியில்லாத இடம் ஒன்று இருந்தது. வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. போட்டோஷாப்பில் அதை நிரப்ப மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன்.

முதலில் கைபோனது Clone Stamp கருவிக்கு. வேகமானதுதான், ஆனால் அருகிலிருந்தே முடியை எடுத்து ஒட்டுவதால், சற்று வளைந்த ஒரே முடி மூன்று இடங்களில் அதே வளைவோடு தெரிந்தது. நகல் எடுத்ததைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒற்றை முடிதான். இரண்டு நாள் தாடியில் முடிகள் வெறும் புள்ளிகளாக இருப்பதால், எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றினால் இக்கருவியே போதும். நீண்ட தாடிக்குப் போதாது.

அடுத்து, வலக் கன்னத்தில் அடர்ந்த ஒரு துண்டைத் தனி லேயராக எடுத்து, இடவலமாகத் திருப்பி, சொட்டையின் மேல் வைத்தேன். திருப்பியதும் முடி சாயும் திசை தானாகவே பொருந்திவிடுவது இவ்வழியின் பெரிய வசதி. சிக்கல் வெளிச்சத்தில் இருந்தது: அந்தத் துண்டின் தோல் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. அந்த லேயரை மட்டும் Curves கொண்டு இருட்டாக்கி, ஓரங்களை மாஸ்க்கில் ஒழுங்கற்ற கோடுகளாக மறைத்த பிறகே அது அடங்கியது. மென்மையான பெரிய பிரஷ்ஷால் ஓரத்தை மறைத்தால் முடிகள் பாதியில் புகையாய்க் கரைந்து போகும். முகம் பக்கவாட்டில் திரும்பிய படமாக இருந்தால், மறு கன்னம் குறுகித் தெரியும் என்பதால் இவ்வழி உதவாது.

முடி முடியாக வரைவதைக் கடைசிப் பூச்சாக மட்டுமே பரிந்துரைப்பேன். இரண்டு பிக்சல் பிரஷ்ஷை எடுத்து, முனை மெலியும்படி பேனா அழுத்தத்தை வைத்து, கறுப்புக்குப் பதிலாகத் தாடியிலேயே உள்ள அடர் பழுப்பை எடுத்து, ஒட்டிய துண்டின் ஓரத்தில் பத்துப் பதினைந்து முடிகளை வரைந்தேன். அவை மற்ற முடிகளைவிடக் கூர்மையாக நின்றதால், அரை பிக்சலுக்கும் குறைவாக மங்கலாக்கி, படத்தில் உள்ள அளவுக்கே நாய்ஸ் சேர்க்க வேண்டியிருந்தது. சொட்டையை முழுவதும் அடைக்கவில்லை. நடுவில் கொஞ்சம் தோல் தெரிய விட்டேன், ஏனென்றால் எங்கும் ஒரே அடர்த்தியாக இருந்தால் தாடி ஒட்டுத்தாடியாகிவிடும்.

அதே படத்தில் உச்சந்தலையும் சற்று மெலிந்திருந்தது. அங்கே மூன்று வழிகளுமே வீண்வேலை. உச்சி மெலிந்து தெரிவதற்குப் பெரிய காரணம், முடிகளுக்கிடையே தோல் மின்னுவதுதான்; ஆகவே முடியின் நிறத்தில் Multiply லேயர் ஒன்றை இருபது சதவீத அளவில் அந்தத் தோலின் மேல் மட்டும் பூசினால், ஒரு முடிகூட வரையாமல் தலை அடர்த்தியாகிவிடும். முடியே இல்லாமல் வழுவழுப்பான இடத்தில் இதைச் செய்தால், மை தடவியது போலத்தான் இருக்கும்.