‘விலகினார்’ என்று எழுதலாமா? கூட்டறிக்கையில் நலன் முரண்பாட்டைப் பதிய மூன்று வழிகள்

ஏழெட்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கூட்டறிக்கையில் ‘கணக்காளர் விலகினார்’ என்று ஒரு வரி இருந்தது. லொறி டயர் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது, விலை தந்த கடைகளில் ஒன்று தன் மச்சானுடையது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே போனார். நடந்தது அவ்வளவுதான். மறுநாள் கொழும்புக் கிளையிலிருந்து தொலைபேசி. “கணக்காளர் வேலையை விட்டிட்டாரோ?”

அதற்குப் பிறகுதான் இந்த வரிகளை நான் கவனித்து எழுதத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் கொண்ட கொள்வனவுக் குழுவில் விலை தந்தவர்களில் ஒருவருக்காவது யாராவது ஒருவர் சொந்தமாகவோ சம்பந்தியாகவோ இல்லாமல் இருப்பது அரிது. ஆகவே முரண்பாடு வருவது பிரச்சினை இல்லை. அதை எப்படி எழுதிவைப்பது என்பதுதான் பிரச்சினை. நான் கண்ட அளவில் மூன்று வழிகள் உண்டு: எல்லாவற்றையும் எழுதுவது, பெயரே இல்லாமல் எழுதுவது, பெயரை அறிக்கையிலும் விவரத்தைத் தனித்தாளிலும் பிரித்து எழுதுவது. மூன்றையும் ஒரே சம்பவத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆட்களைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

வெங்காயமும் வாழைக்குலையும் கொழும்புக்கு ஏற்ற ஒரு வருட லொறி ஒப்பந்தம். மூன்று விலைமனுக்கள்: ஒரு பயணத்துக்கு 115,000 ரூபாய், 122,000 ரூபாய், 128,000 ரூபாய். குழுவில் ஐந்து பேர், கூட்டம் செல்லக் குறைந்தது இருக்க வேண்டிய தொகை, அதாவது கோரம், மூன்று. விடயம் எடுக்கப்படும் முன்பே கள முகாமையாளர் என்னை வெளியே கூப்பிட்டார். இரண்டாவது மனுக்காரரின் மகனுக்கும் இவருடைய மகளுக்கும் கலியாணப் பேச்சு நடக்கிறது. “தம்பி, பிள்ளையின்ர விசயம். பேச்சு இன்னும் முடியேல்லை. எழுதிப்போடாதேங்கோ.” தலைவரிடமும் சொன்னார். அந்த விடயம் முடியும் வரை வெளியே இருந்தார். மிச்சம் நான்கு பேர். முதலாவது மனுக்காரரிடம் மழைக்கு மூடிய லொறி ஒன்றே ஒன்றுதான் என்பதால் இரண்டாவதுக்கு இருவர் வாக்களித்தார்கள். விலைதான் முக்கியம் என்று ஒருவர் எதிர்த்தார். போக்குவரத்து அலுவலர் வாகனங்களை நேரில் பார்க்கவில்லை என்று எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை.

முதல் வழி, நடந்ததை நடந்தபடி எழுதுவது. கணக்காய்வாளருக்கு இதுதான் விருப்பம். யார், யாருடன், என்ன உறவு என்று ஒரே பந்தியில் வந்துவிடும். ஆனால் கூட்டறிக்கை குழுவுக்குள் நிற்பதில்லை. எங்கள் இடத்தில் ஐந்து உறுப்பினர், முகாமைத்துவப் பணிப்பாளர், கணக்குப் பிரிவு, கொழும்புக் கிளை என்று எட்டுப் பிரதி போகும். கலியாணப் பேச்சு எட்டுப் பிரதியில் போனால் பின்னேரத்துக்குள் சந்தைக்குப் போய்விடும். பேச்சு குழம்பினால் அந்த வரியை அழிக்கவும் முடியாது. குழுவின் தீர்மானத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பிள்ளை காலத்துக்கும் அந்தக் கோவைக்குள் இருக்கும். மச்சானின் டயர்க்கடை போன்ற ஊரறிந்த விடயத்துக்கு இந்த வழி சரி. இதற்குச் சரிவராது.

இரண்டாவது வழிதான் பலருக்கும் கைவந்தது: ‘இருவர் ஆதரவாகவும் ஒருவர் எதிராகவும் வாக்களித்தனர், இருவர் நடுநிலை வகித்தனர்.’ மரியாதையாகத் தெரிகிறது. உண்மையில் மூன்றிலும் அதிக அநியாயம் இதில்தான். செய்திகளில் படித்துப் பழகிய ‘நடுநிலை வகித்தார்’ என்ற சொல் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தவருக்குப் பொருந்தும். நலன் இருக்கிறது என்று எழுந்து போனவர் நடுநிலையாளர் இல்லை, அதனால்தானே போனார். இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் போட்டதும் வாசிப்பவர் ஊகிக்கத் தொடங்குகிறார். ஐந்து பேர் குழுவில் ஊகிக்க அதிக நேரம் எடுக்காது. ஆனால் ஊகம் பெரும்பாலும் பிழையான ஆளிடம் போய் நிற்கும். எங்கள் சம்பவத்தில் முதல் வரைவை இப்படித்தான் தட்டச்சு செய்திருந்தேன். அதைப் பார்த்த ஒருவர் உடனே கேட்டார்: “போக்குவரத்து அலுவலருக்கு அதிலை லொறி ஓடுதோ?” பாவம், அந்த மனுசன் வாகனத்தைப் பார்க்காமல் கைதூக்க மாட்டேன் என்று நேர்மையாக இருந்தவர்.

இன்னொரு கோளாறும் உண்டு, அது கணக்கில் வரும். எங்கள் குழு விதியில் ‘வாக்களித்தவர்களில் பெரும்பான்மை’ என்று இருக்கிறது. அப்படியானால் இரண்டுக்கு ஒன்று, தீர்மானம் நிறைவேறியது. சில இடங்களில் ‘சமுகமளித்தவர்களில் பெரும்பான்மை’ என்று இருக்கும். அந்த விதியில் நான்கு பேரில் இரண்டு போதாது, தீர்மானம் விழுந்துவிடும். அந்த விதி உள்ள குழுவில் நான்கு பேர் இருந்து ஒருவர் எழுந்து போனால், மிச்சம் மூவரில் இரண்டு போதும். அதே மனிதர் போகாமல் உட்கார்ந்திருந்தால் நால்வரில் இரண்டு போதாது. ஆகவே அறையில் இருந்து வாக்களிக்காதவரும் அறைக்கு வெளியே போனவரும் கணக்கில் ஒன்றில்லை. வெளியே போனவரைக் கோரத்தில் சேர்ப்பதா என்பதையும் குழுவின் விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் விதியில் சேர்ப்பதில்லை. பெயரும் நேரமும் இல்லாத அறிக்கையை வைத்து இந்தக் கேள்விகள் எதற்கும் பின்னால் பதில் சொல்ல முடியாது.

மூன்றாவது வழியில் பெயரும் நடந்த செயலும் அறிக்கையில் இருக்கும், காரணம் வெளியே இருக்கும். கடைசியில் நான் எழுதியது இது:

> விடயம் 4: போக்குவரத்து ஒப்பந்தம். கள முகாமையாளர் இவ்விடயத்தில் தமக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டெனத் தெரிவித்தார் (வெளிப்படுத்தல் தாள் இல. 4). ஏனைய நால்வரும் தமக்கு எதுவுமில்லை என்றனர். அவர் பி.ப. 2.40க்கு வெளியே சென்று, தீர்மானத்தின் பின் 3.05க்குத் திரும்பினார். நால்வர் சமுகமளித்திருந்தனர், கோரம் இருந்தது. ஆதரவு 2, எதிர் 1. போக்குவரத்து அலுவலர் சமுகமளித்திருந்தும் வாக்களிக்கவில்லை; அவர் நலன் எதையும் தெரிவிக்கவில்லை.

இதில் சொல்லுக்குச் சொல் யோசித்தேன். ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினால் குற்றம் செய்தவர் போல இருக்கும், அதனால் ‘தெரிவித்தார்’. ‘வெளியேறினார்’ என்றால் கோபித்துக்கொண்டு போனதுபோல, ஆகவே ‘வெளியே சென்றார்’. முதலில் ‘குடும்பத் தொடர்பு’ என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: மனுக்காரர் இவருக்குச் சொந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தமில்லாத இடத்தில் குடும்பத் தொடர்பு என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்! அதனால் ‘தனிப்பட்ட தொடர்பு’. எந்த மனுக்காரருடன் என்பதையும் எழுதவில்லை. அவர் விடயம் முழுவதற்கும் வெளியே இருந்ததால் அறிக்கைக்கு அது தேவைப்படவில்லை.

போக்குவரத்து அலுவலரின் காரணத்தை நான் எழுதாததும் வேண்டுமென்றுதான். வாக்களிக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஒருவருடைய காரணத்தை எழுதினால், அடுத்த முறை காரணம் சொல்லாதவர்மேல் கண் போகும். நலன் இல்லை என்பது மட்டும் பதிவில் இருந்தால் போதும். விடயம் தொடங்கும்போதே ஒவ்வொருவரையும் கேட்டுப் பதிவதால் அது தானாக வந்துவிடுகிறது.

தாள் இல. 4 ஒரு பக்கம்தான். யாருடன், என்ன தொடர்பு, எப்போதிருந்து, யாரிடம் சொன்னார் என்று அவரே கையால் எழுதிக் கையெழுத்திட்டார். தலைவரும் கையெழுத்திட்டார். அது உறையில் போட்டு ஒட்டப்பட்டுச் செயலாளரின் அலுமாரியில் இருக்கிறது. உறையின் மேல் ஒரு கட்டம்: திறந்தவர், திகதி, காரணம். தலைவரும் கணக்காய்வாளரும் மட்டும் திறக்கலாம். இன்னொன்று, கலந்துரையாடல் பகுதி கள முகாமையாளருக்குப் போன பிரதியில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இருக்கவில்லை. வெளியே போனவருக்கு மறுநாள் முழு அறிக்கையையும் அனுப்பினால் வெளியே போனதில் பாதிப் பயன் போய்விடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இந்த வழிக்கும் குறை உண்டு. எந்த மனுக்காரர் என்று மற்ற மூவருக்கும் தெரியாததால், கள முகாமையாளர் கூட்டத்துக்கு வெளியே யாரிடமாவது அந்த மனுக்காரருக்காகப் பேசினால் அவர்களால் அடையாளம் காண முடியாது. அந்தப் பாரம் தலைவர் தலையில் விழுகிறது. தலைவரும் சம்பந்தப்பட்டவர் என்றால் இந்த ஏற்பாடு நிற்காது.

பணிப்பாளர் என்றால் கதை வேறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 192ஆம் பிரிவின்படி, கம்பனியின் கொடுக்கல்வாங்கலில் தனக்கு நலன் இருந்தால் பணிப்பாளர் அதை நலன்கள் பதிவேட்டில் பதிவித்துச் சபைக்கும் தெரிவிக்க வேண்டும். பணத்தில் மதிப்பிடக் கூடியதென்றால் தன்மையும் பெறுமதியும், முடியாதென்றால் தன்மையும் அளவும். பதிவேட்டில் ஏறியவை 168ஆம் பிரிவின்கீழ் வருடாந்த அறிக்கைக்கும் போகும். அங்கே ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று மூடி எழுத முடியாது. எங்கள் கள முகாமையாளர் பணிப்பாளர் இல்லை, அவரைக் கட்டுப்படுத்துவது குழுவின் விதி மட்டும். சட்டத்தின் உறவுப் பட்டியல் பெற்றோர், பிள்ளை, வாழ்க்கைத்துணை என்று சின்னது. அதோடு வேறு வழியில் நேரடியாகவோ மறைமுகமாகவோ முக்கிய நலன் உள்ளவர் என்று ஒரு பொது வாசகமும் இருக்கிறது. சம்பந்தியாகப் போகிறவர் அந்த வாசகத்துக்குள் வருவாரா என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி. குழுவில் பணிப்பாளர் ஒருவர் உட்கார்ந்தால், உறை அவரைக் காப்பாற்றாது என்று வாய் திறக்கும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், டயர்க்கடை மாதிரி விடயம் வந்தால் ஒழிய. பெயரை மறைப்பது மற்ற நால்வரையும் சந்தேகத்தில் விடுகிறது, காரணத்தைக் கொட்டுவது குழுவிலேயே இல்லாதவர்களை இழுத்து வருகிறது.

முதலாவது மனுக்காரர் நான்கு மாதம் கழித்து முறைப்பாடு எழுதினார், விலை குறைந்த தன்னை விட்டுவிட்டு ‘உள்ளுக்குள் ஆள்’ இருக்கும் இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. கணக்காய்வாளர் வந்தார், அறிக்கையைப் பார்த்தார், 2.40ஐயும் 3.05ஐயும் மூடிய லொறிக் கணக்கையும் பார்த்தார், உறையைத் திறந்து வாசித்தார், திரும்ப ஒட்டச் சொன்னார். கலியாணப் பேச்சு அதற்குள் குழம்பிவிட்டது. பிள்ளைக்கு வேறிடத்தில் முற்றாகி, எங்களுக்கும் பலகாரம் வந்தது. உறையின் மேலுள்ள கட்டத்தில் இன்றுவரை ஒரேயொரு கையெழுத்துத்தான் இருக்கிறது.