கோஷியா, செல்மையரா? உருக்கிய சிலிக்காவில் நான் எடுத்த முடிவு

6.35 மி.மீ. கனமுள்ள உருக்கிய சிலிக்கா சன்னல் ஒன்றை 1.55 மைக்ரான் ஒளியில் அளக்க வேண்டியிருந்தது. குறுக்கீட்டுமானியின் ஆடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், சன்னலின் முன்பக்கம் எதிரொளிக்கும் இடத்தில் ஒரு வரிக்கூட்டம் எழும்பி அடங்கும். இன்னும் நகர்த்தினால் பின்பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஆடி நகர்ந்த தூரம் 9.2875 மி.மீ. அதை ஒளிவிலகல் எண்ணிலிருந்தும் அதன் சரிவிலிருந்தும் வரும் குரூப் இன்டெக்ஸால் வகுத்தால் கனம் கிடைத்துவிடும். வகுத்தேன், 6.394 வந்தது. திருகு அளவியில் வைத்தால் அதே சன்னல் 6.350 என்றது.

44 மைக்ரான் வித்தியாசம். முதலில் ஆடியை நகர்த்தும் தளத்தைச் சந்தேகப்பட்டு, மறுபடி அளவு சரிபார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. தவறு நான் வகுத்த எண்ணில் இருந்தது. அந்த எண், ஒளிவிலகல் எண் n அலைநீளம் λ-வோடு எப்படி மாறும் என்று சொல்லும் கோஷி சூத்திரத்திலிருந்து வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் முப்பட்டகத்தை வைத்து அளந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சூத்திரம் பழக்கம்:

```
n = A + B/λ²
```

இரண்டு நிறங்களில் n தெரிந்தால் A, B இரண்டும் கைக்கு வந்துவிடும். உருக்கிய சிலிக்காவுக்கு ஹைட்ரஜனின் 486.1 நானோமீட்டர் கோட்டில் n = 1.46313, 656.3-இல் 1.45637. இவற்றிலிருந்து A = 1.44815, B = 0.00354 (λ மைக்ரானில்). 587.6 நானோமீட்டர் மஞ்சளில் போட்டுப் பார்த்தால் 1.45840 வருகிறது. உண்மை மதிப்பு 1.45846. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குள் கோஷியிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பட்டக ஆய்வோடு வேலை முடிகிறதென்றால் இதற்குமேல் படிக்கத் தேவையில்லை, கோஷியே போதும்.

செல்மையர் 1871-இல் கொடுத்த சூத்திரம் வேறொரு கேள்வியிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய வருடம் கிறிஸ்டியன்சன் ஃபூக்சின் சாயக் கரைசலில் நிறங்கள் வரிசை மாறி விலகுவதைக் காட்டியிருந்தார். அலைநீளம் குறையக் குறைய n ஏறிக்கொண்டேதான் போக வேண்டும் என்கிற கோஷி சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. பொருளுக்குள் தனக்கென்று ஓர் அதிர்வெண் உடைய துகள்கள் இருக்கின்றன, ஒளி அவற்றை ஆட்டுகிறது என்று செல்மையர் எடுத்துக்கொண்டார். இன்று நாம் அதைச் சுருள்வில்லில் கட்டிய எலக்ட்ரானாக எழுதுகிறோம். ஒளியின் மின்புலம் எலக்ட்ரானைத் தள்ளுகிறது, வில் திருப்பி இழுக்கிறது. எலக்ட்ரான் எவ்வளவு நகர்கிறதோ அந்த அளவுக்குப் பொருள் முனைவாகிறது. உராய்வை விட்டுவிட்டால் கணக்கு ஒரே வரியில் முடிகிறது:

```
n² − 1 = (N e²/ε₀ m) / (ω₀² − ω²) = K λ²/(λ² − λ₀²)
```

N என்பது ஓர் அலகு கன அளவில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, K வில்லின் வலிமை, λ₀ என்பது ω₀-க்கு உரிய அலைநீளம். ஒளியின் அதிர்வெண் ω, வில்லின் சொந்த அதிர்வெண் ω₀-வை நெருங்க நெருங்க எலக்ட்ரான் பெரிதாக ஆடும், n ஏறும். கண்ணாடி நீலத்தைச் சிவப்பைவிட அதிகம் வளைப்பது இதனால்தான். அதன் ω₀ புற ஊதாவில் இருக்கிறது, நீலம் அதற்குச் சிவப்பைவிடப் பக்கத்தில் இருக்கிறது. λ₀/λ சிறிதாக இருக்கும்போது இதை விரித்து எழுதினால் முதலில் வருவது கோஷியின் 1/λ² தான். ஆக இரண்டும் முற்றிலும் எதிரெதிரானவை அல்ல. கோஷி என்பது ஒத்ததிர்வு வெகு தூரத்தில் இருக்கும்போது வில்லின் சூத்திரம் காட்டும் முகம்.

இனி என் தவறுக்கு வருகிறேன். நேராகச் செல்மையருக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. அதே இரண்டு நிறங்களை வைத்து ஒரே ஒரு வில் பொருத்தினேன். K = 1.098, λ₀ = 94 நானோமீட்டர் வந்தது. 1.55 மைக்ரானில் அது சொன்னது 1.4498. கோஷி 1.4496. உண்மை 1.4440. இயற்பியல் பொதிந்த சூத்திரமும் வெறும் தொடரும் கைகோத்துக்கொண்டு ஒரே பள்ளத்தில் விழுந்தன.

காரணம் எளிது. கோஷியின் A = 1.44815. அந்தச் சூத்திரப்படி அலைநீளத்தை எவ்வளவு நீட்டினாலும் n அதற்குக் கீழே இறங்காது. உண்மையான சிலிக்காவோ 1.2 மைக்ரானிலேயே 1.44805-க்கு வந்து அந்தத் தரையைத் தாண்டிவிடுகிறது. 2 மைக்ரானில் 1.4381. ஏதோ ஒன்று மறுபக்கத்திலிருந்து n-ஐக் கீழே இழுக்கிறது. அது எலக்ட்ரான் அல்ல. சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைப்பை நீட்டிச் சுருக்கி ஆடும் ஆட்டம். எலக்ட்ரானைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமான அணுக்கள் என்பதால் அதன் ஒத்ததிர்வு அகச்சிவப்பில், 9 மைக்ரான் பக்கம் இருக்கிறது. நம் ஒளியின் அதிர்வெண் அந்த வில்லின் அதிர்வெண்ணைவிட அதிகம். அப்போது அணுக்கள் மின்புலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் எதிர்த்திசையில் ஆடும். அவற்றின் பங்கு எதிர்க்குறியில் வந்து n-ஐக் குறைக்கும்.

செல்மையரின் அமைப்பில் இதைச் சேர்க்க இன்னொரு வில் போட்டால் போதும்:

```
n² − 1 = K λ²/(λ² − λ₀²) + 0.8975 λ²/(λ² − 97.93)
```

அந்த 0.8975, 97.93 இரண்டும் நான் அளந்தவை அல்ல. 1965-இல் மாலிட்சன் 0.21 முதல் 3.71 மைக்ரான் வரை அளந்து பொருத்திய மூன்று உறுப்புச் சூத்திரத்திலிருந்து கடன் வாங்கியவை. 97.93 என்பது 9.896 மைக்ரானின் வர்க்கம். அதே நீலம், சிவப்பு இரண்டு அளவுகளிலிருந்து இந்தப் பங்கைக் கழித்துவிட்டு முதல் வில்லை மறுபடி பொருத்தினேன். K = 1.1039, λ₀ = 89.8 நானோமீட்டர். 1.55 மைக்ரானில் 1.44397 வந்தது, உண்மையோடு ஒப்பிட்டால் ஐந்தாம் தசமத்தில்தான் வேறுபாடு. 2 மைக்ரானிலும் கிட்டத்தட்ட அதே நெருக்கம்.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது n-கூட இல்லை, அதன் சரிவு. அகலமான நிறமாலையுள்ள ஒளியால் அளக்கும்போது வரிக்கூட்டத்தின் இடத்தைத் தீர்மானிப்பது குரூப் இன்டெக்ஸ், அதாவது n − λ dn/dλ. n-இல் 0.4 விழுக்காடு பிழை இருந்தால் பரவாயில்லை என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் சரிவில் பிழை மடங்கு கணக்கில் போகிறது. 1.55 மைக்ரானில் சிலிக்காவின் சரிவில் ஏழில் ஆறு பங்கு அந்த அணு ஆட்டத்திலிருந்து வருகிறது. எலக்ட்ரானின் பங்கு மிச்சம் ஒன்றுதான். கோஷி அந்த ஆறு பங்கையும் அறியாது. அதனால் அது தரும் குரூப் இன்டெக்ஸ் 1.4526, இரண்டு வில் தருவது 1.4626. இதனால் 9.2875-ஐ வகுத்தால் 6.350. திருகு அளவி சொன்னதும் அதுதான்.

வளைவுக்குப் போனால் நிலைமை இன்னும் தெளிவு. கோஷியில் d²n/dλ² = 6B/λ⁴. B நேர்க்குறி என்றால் இது எந்த அலைநீளத்திலும் பூஜ்யமாகாது. உண்மையான சிலிக்காவில் 1.27 மைக்ரானில் பூஜ்யமாகிறது. துடிப்பு விரியாமல் போகும் இடம் அது. இரண்டு வில்லின் சூத்திரத்தை இருபக்கமும் சுருக்கி n² ≈ மாறிலி + a/λ² − bλ² என்று எழுதினால், a = 0.0089, b = 0.00916. வளைவு பூஜ்யமாகும் இடம் λ⁴ = 3a/b, அதாவது 1.31 மைக்ரான். பென்சிலும் தாளும் மட்டும் வைத்துப் போட்ட கணக்குக்கு இது நல்ல நெருக்கம். (ஒளியிழைகள் 1.31-இல் பூஜ்யமாவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே கலப்புப் பொருளும் உள்ளகத்தின் வடிவமும் சேர்ந்து 1.27-ஐ மேலே தள்ளுகின்றன. எண் ஒத்துப்போவது தற்செயல்.) கோஷியில் −Dλ² என்று ஓர் உறுப்பைச் சேர்த்தால் அதுவும் இதைச் செய்யும். ஆனால் D-ஐ எங்கிருந்து எடுப்பது? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அளந்த n-இல் அது மிகச் சிறிய பங்கு. அளவீட்டுப் பிழையே அதை விழுங்கிவிடும். வில்லுக்கோ முகவரி இருக்கிறது, அகச்சிவப்பு நிறமாலையில் உறிஞ்சல் எங்கே என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பொருத்திய எண்ணுக்கு அர்த்தம் உண்டா என்று சோதிக்கவும் வில் வழிவிடுகிறது. 89.8 நானோமீட்டர் என்பது 13.8 எலக்ட்ரான் வோல்ட். K-யோடு சேர்த்தால் ஒரு கன செ.மீ.-க்கு 1.5 × 10²³ எலக்ட்ரான்கள் வருகின்றன. அடர்த்தி 2.20 கிராமிலிருந்து SiO₂ அலகுகளை எண்ணினால் 2.2 × 10²². ஆக ஓர் அலகுக்கு ஏழு எலக்ட்ரான். இணைதிறன் எலக்ட்ரான்கள் 16 இருக்கின்றன. மீதியின் வலிமை இன்னும் மேலான ஆற்றல்களில் பரவிக் கிடப்பதால் 16-க்குக் கீழே வருவது நியாயம். எழுபது வந்திருந்தால் பொருத்தலை நம்பியிருக்கமாட்டேன். பக்கத்து அணுக்களின் புலமும் சேர்ந்துதான் எலக்ட்ரானை ஆட்டுகிறது. எனவே 13.8 தனித்த ஓர் எலக்ட்ரானின் அதிர்வெண் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

புற ஊதாப் பக்கம் என் பரிந்துரை அவ்வளவு உறுதியாக இல்லை. 250 நானோமீட்டரில் உண்மை 1.5074, இரண்டு வில் 1.5056, கோஷி 1.5048. லாபம் சொற்பம். அங்கே ஒரே எலக்ட்ரான் வில் பற்றாது. மாலிட்சன் அதை 68, 116 நானோமீட்டர் என்று இரண்டாகப் பிரித்ததற்கு அதுதான் தேவை. நீள அலைநீளத்திலும் எல்லை உண்டு. மாலிட்சனின் மூன்று வலிமைகளையும் ஒன்றோடு கூட்டினால் 3.0 வருகிறது. சிலிக்காவின் மின்காப்பு மாறிலியோ 3.8. விட்டுப்போனது 22 மைக்ரான் பக்கமுள்ள இன்னொரு அணு ஆட்டம். என் அளவுகள் எல்லாம் 2 மைக்ரானுக்குள் அடங்குவதால் 3.7-க்கு அப்பால் இந்தச் சூத்திரத்தை நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

உராய்வையும் சேர்த்த முழு லோரன்ட்ஸ் வடிவத்தையே எடுத்தால் என்ன? ஒத்ததிர்வுக்கு உள்ளேயே வேலை என்றால் அது இல்லாமல் முடியாது, செல்மையர் அங்கே முடிவிலிக்கு ஓடிவிடும். ஆனால் ஒளி ஊடுருவும் பகுதியில் அதன் உறிஞ்சலை நம்பிவிடக் கூடாது. 13.8 எலக்ட்ரான் வோல்ட் வில்லுக்கு 1 எலக்ட்ரான் வோல்ட் உராய்வு என்று வைத்து 1.55 மைக்ரானில் கணக்கிட்டேன். ஒளி 0.08 மி.மீ.-க்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்கிறது. அதே சிலிக்காவில் செய்த ஒளியிழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்தான் இழப்பு. லோரன்ட்ஸ் வளைவின் வால் மெதுவாகத் தேய்கிறது, உண்மைக் கண்ணாடியின் உறிஞ்சலோ அடுக்குக்குறி வேகத்தில் விழுகிறது. அதனால் சன்னலுக்கான நிரலில் உராய்வு உறுப்பை நான் சேர்க்கவில்லை. இரண்டு வில் மட்டும் இருக்கிறது.