வேலையை ஏற்கும் கடிதத்திலேயே சம்பளப் பிரிப்பைக் கேட்கலாமா?

கம்பஸ் முடித்து வந்த முதல் வேலைக் கடிதத்தில் சம்பளம் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "மாதாந்த மொத்தத் தொகுப்பு 120,000 ரூபா." பதிலனுப்ப ஐந்து நாள் தந்திருந்தார்கள். வெள்ளவத்தை அறையில் உட்கார்ந்து யோசித்தபோது மூன்று வழிகள் தெரிந்தன. இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு, சேர்ந்த பிறகு கேட்பது. விளக்கம் வரும்வரை ஏற்காமல் இருப்பது. ஒரே கடிதத்தில் ஏற்றுக்கொண்டு, பிரிப்பையும் எழுத்தில் கேட்பது. நான் மூன்றாவதைத்தான் செய்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழி சுமுகமானது, யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் என்னோடு படித்த ஒருவன் அப்படித்தான் செய்தான். "எல்லாம் சேர்த்துத்தான் தம்பி, யோசிக்காதீங்க" என்று தொலைபேசியில் சொன்னதை நம்பிப் போனான். முதல் சம்பளச் சிட்டையைப் பார்த்த பிறகுதான் அந்த "எல்லாம்" எதையெல்லாம் சேர்த்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

விஷயமே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃப்.புக்கு, நம் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் பிடிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 12 சதவீதம் போடும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 சதவீதம் போடும். 120,000 என்பது சம்பளம் மட்டும் என்றால், 9,600 போகக் கையில் 110,400 வரும். நிறுவனத்தின் அந்த 15 சதவீதத்தையும் உள்ளே அடக்கித்தான் 120,000 என்றால், உண்மையான சம்பளம் ஏறத்தாழ 104,350. அதில் 8 சதவீதம் போனால் கையில் 96,000. ஒரே கடிதம், ஒரே தொகை, மாதம் 14,400 ரூபா வித்தியாசம். நண்பனுக்கு வந்தது 96,000.

இன்னொரு இடமும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 70,000, மீதி 50,000 கொடுப்பனவு என்று பிரித்து, அடிப்படைக்கு மட்டும் சேமலாப நிதி கட்டினால் கையில் 114,400 வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனம் இரண்டு நிதிக்கும் போடுவது 18,000-இலிருந்து 10,500-ஆகக் குறைந்துவிடும். வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும் சேமலாப நிதிக்குரிய வருமானத்தில் சேரும் என்பதுதான் சட்டம்; மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. ஆகவே கொடுப்பனவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

வருமான வரி இந்தக் கணக்கில் வராது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 வரை வரி விலக்கு இருக்கிறது.

சரி, இரண்டாவது வழிக்கு என்ன குறை? கையில் வேறு வேலை இருப்பவருக்கு அதுதான் சரி. ஏற்ற பிறகு பேரம் பேசும் பலம் போய்விடும். எனக்கு வேறு வேலை இல்லை, நாளும் ஐந்துதான். பதில் தாமதித்தால் இடம் கைமாறுமோ என்ற பயம். தவிர, தொகையைக் கூட்டிக் கேட்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

மூன்றாவது வழியில் கவனிக்க வேண்டியது சொல்லமைப்பு. "விளக்கம் தந்தால் ஏற்கிறேன்" என்று எழுதினால் அது நிபந்தனை. ஏற்பதைத் தனி வாக்கியமாக முடித்துவிட்டு, கேள்வியை அடுத்த பத்தியில் வைத்தேன். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட பதவியை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறேன். குறித்த திகதியில் வேலைக்கு வருவேன்.

என் பதிவுக்காக, 120,000 ரூபாவின் பிரிப்பை எழுத்தில் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஒவ்வொரு கொடுப்பனவின் பெயரும் தொகையும், சேமலாப நிதி எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்படும், நிறுவனத்தின் 12, 3 சதவீதங்கள் இத்தொகைக்கு உள்ளேயா வெளியேயா, பிடித்தங்கள் போக மாதம் கைக்கு வருவது எவ்வளவு."

கடைசிக் கேள்வியைப் பெரியண்ணா சேர்க்கச் சொன்னார். மற்றவற்றுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லலாம். இதற்கு ஓர் எண்ணைத்தான் எழுத முடியும் என்றார்.

இரண்டு நாளில் மின்னஞ்சலில் பதில் வந்தது. அடிப்படை 70,000, நிரந்தரக் கொடுப்பனவு 30,000, போக்குவரத்துச் செலவுக்கு 20,000. சேமலாப நிதி முதல் இரண்டின் மேல், அதாவது 100,000-க்கு. நிறுவனப் பங்கு வெளியே. கைக்கு 112,000. மனிதவளப் பிரிவில் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும் என்று ஒரே அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

முதல் மாதச் சிட்டையை அந்த மின்னஞ்சலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.