மழையே இல்லாத தை மாதத்தில் கூரை சொட்டுகிறது, 64,000 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் எனக்குத் தெரியும்.

கொளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 400 சதுர அடிக்குக் கலர் ஷீட் போட்டு ஒரு ஷெட். அதில்தான் டியூஷன் எடுக்கிறேன். வெயில் காலத்தில் ஏசி போட்டாலும் பிள்ளைகளுக்கு உச்சந்தலை கொதிக்கும். தகரத்துக்கு அடிப்பக்கம் பஃப் ஸ்பிரே, அதாவது அடித்ததும் பொங்கி இறுகும் ஃபோம், அடித்தால் சூடு இறங்காது என்றார்கள். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி வழியாக ஒருவரைப் பிடித்தேன். செயலியின் பெயரும் வேண்டாம், ஆளின் பெயரும் வேண்டாம்.

வந்தவர் நல்ல பேச்சுக்காரர். ரெண்டு நிமிடத்தில் அக்கா ஆகிவிட்டேன். பையிலிருந்து ஒரு மஞ்சள் கட்டியை எடுத்து, "அழுத்திப் பாருங்கக்கா" என்றார். மரக்கட்டை மாதிரி விரல் இறங்கவே இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கேட்டு வாங்கி, கட்டியை அமுக்கிப் பிடித்து வெளியே எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. "இது க்ளோஸ்டு செல் அக்கா. ஒவ்வொரு குமிழியும் மூடியிருக்கும், காத்தும் போகாது, தண்ணியும் போகாது. இதைத்தான் அடிப்போம்." கட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டும் போனார். அந்த நிமிடம்தான் நான் விழுந்தேன். சதுர அடிக்கு 160 ரூபாய், 2 இன்ச் தடிமன், மொத்தம் 64,000. அன்றைக்கே 40,000 அட்வான்ஸ்.

நவம்பர் கடைசியில், முதல் நாள் ராத்திரி மழை பெய்த ஒரு காலையில், ஏழரை மணிக்கே வந்துவிட்டார்கள். அம்மா மேலே போய்ப் பார்த்துவிட்டு, "தம்பி, தகரம் அடியில வேர்த்திருக்கே, துடைக்க வேணாமா?" என்று கேட்டார். "கெமிக்கல் சூட்டுலயே காஞ்சிடும்மா" என்றார். துடைக்கவும் இல்லை, காயவிடவும் இல்லை. தூசியும் அப்படியே.

அடித்ததும் புசுபுசுவென்று இட்லி மாவு மாதிரி பொங்கியது. மதியம் கம்பி விட்டு அளந்தால் 3 இன்ச்! ரெண்டு கேட்டதற்கு மூன்று கொடுக்கிறாரே என்று அவர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மீதி 24,000-ஐயும் அன்று மாலையே அனுப்பிவிட்டேன். அந்த மூன்றாவது இன்ச்தான் திருட்டுக்கு அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சூடு குறைந்தது உண்மை, அதை மறைக்கவில்லை. அதனாலேயே ஒரு மாதம் சந்தேகம் வரவில்லை. பொங்கல் முடிந்து ஒரு காலையில் மேலே போனால் பெஞ்சு நனைந்திருக்கிறது. முகட்டுக்குக் கீழே சொட்டு. ராத்திரி மழை இல்லை. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் ரெண்டடி நீளத்துக்கு ஒரு துண்டு பிய்ந்து விழுந்தே விட்டது. பிழிந்தால் தண்ணீர் வருகிறது, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி.

போன் செய்தேன். முதல் நாள், "உங்க ஷீட்ல ஸ்க்ரூ வாஷர் போயிருக்கும்." ரெண்டாம் நாள், "ஏசி லீக்கா இருக்கும்." மூன்றாம் நாள் எடுக்கவில்லை. செயலிக்காரர்களைக் கேட்டால், நாங்கள் ஆளை அறிமுகம் செய்வது மட்டும்தான், வேலைக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள்.

சரி, வாஷர்தானா என்று நானே பார்த்தேன். பட்டப்பகலில் ஓஸ் பைப்பை வைத்து ஒரு மணி நேரம் ஷீட் மேல் தண்ணீர் விட்டேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஏசியைப் பத்து நாள் போடவேயில்லை. விடிகாலையில் மட்டும் சொட்டுகிறது.

கட்டட வேலை தெரிந்த என் சித்தப்பா மகன் வந்து பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. இது ஓப்பன் செல். குமிழிகள் உடைந்து ஒன்றுக்கொன்று திறந்திருக்கும், ரொட்டி மாதிரி. சாயங்காலம் இருபது பிள்ளைகள் விடும் மூச்சு, அம்மா உள்ளே காயப்போடும் துணி, எல்லா ஈரமும் காற்றோடு ஃபோமுக்குள் ஏறி, மேலே தகரம் வரை போய்விடும். பனிக்கால ராத்திரியில் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துவிடும். அந்தக் குளிரில் ஈரம் தண்ணீராகித் தகரத்தின் அடியில் கோத்துக்கொண்டு, நிறைந்ததும் சொட்டுகிறது. ரெண்டு இன்ச் க்ளோஸ்டு செல் சரியாக ஒட்டியிருந்தால் ஈரம் தகரம் வரை போகவே முடியாது.

விழுந்த துண்டின் முதுகைத் திருப்பிக் காட்டினான். ஒட்டிய பக்கம் முழுக்கப் பெரிய பெரிய ஓட்டை, தூசி. ஈரத் தகரத்தில் அடித்தால் கெமிக்கலில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து வாயுவைக் கிளப்பிவிடுமாம். ஃபோம் பிடிக்காமல் குமிழி குமிழியாக நிற்கும். அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அப்புறம் எடை போட்டோம். விழுந்த துண்டை மூன்று நாள் வெயிலில் காயவைத்து, 10 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 தடிமன் என்று வெட்டி, கேக் செய்ய வைத்திருந்த தராசில் வைத்தால் 5 கிராம். அவர் கொடுத்த சாம்பிளையும் அதே அளவுக்கு வெட்டி வைத்தால் 20 கிராம். அது அரை லிட்டர் அளவு, ரெண்டால் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். சாம்பிள் 40 கிலோ, என் கூரை 10 கிலோ. என் 400 சதுர அடிக்கு ரெண்டு இன்ச் க்ளோஸ்டு செல் என்றால் 75 கிலோவாவது கெமிக்கல் போயிருக்க வேண்டும். மூன்று இன்ச் ஓப்பன் செல்லுக்கு 30 கிலோ கூடத் தேவையில்லை. ஓப்பன் செல் பல மடங்கு கூடுதலாகப் பொங்கும், அதனால்தான் தாராளமாக மூன்று இன்ச்! 64,000 ரூபாய் வாங்கிக்கொண்டு காற்றை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை அவருக்குத் தெரிவித்ததும் அவரே திரும்ப போன் செய்தார். "அமெரிக்காவுல வீடு முழுக்க ஓப்பன் செல்தான்க்கா அடிக்கிறாங்க." அடிக்கட்டும். சத்தம் அடக்கவும் உள்சுவருக்கும் அது நல்ல பொருள்தான் என்று சித்தப்பா மகனும் சொன்னான். நம்மூர் ஈரக் காற்றில், ஒற்றைத் தகரத்துக்கு அடியில் வெறுமனே அடிக்கிற பொருள் அது இல்லை. அதைவிட, நான் கேட்டதும் அது இல்லை. பில்லைப் பார்த்தேன். "பஃப் ஸ்பிரே 2 இன்ச்" என்று மட்டும் இருக்கிறது. க்ளோஸ்டு செல் என்று ஒரு எழுத்து இல்லை.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பில்லில் க்ளோஸ்டு செல் என்றும் அடர்த்தி எத்தனை கிலோ என்றும் எழுதி வாங்குங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள், விரலால் அழுத்தியும் பாருங்கள். தகரம் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். க்ளோஸ்டு செல்லை ஒரே மூச்சில் ரெண்டு இன்ச்சுக்கு மேல் அடிக்க விடாதீர்கள், உள்ளே சூடேறிக் கருகும். அடித்த அன்று அறையில் யாரும் இருக்கக் கூடாது. ஃபோம் தீப்பிடிக்கும் பொருள், அடியில் ஜிப்சம் போர்டு மாதிரி ஒரு மூடி வேண்டும். இதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். நேற்று அவரிடமிருந்து ஒரு மெசேஜ்: "அக்கா, ஃபோம் மேல ஒரு கோட் பெயிண்ட் அடிச்சா சொட்டாது, உங்களுக்காக 12,000." ஈரத்தை உள்ளே வைத்துப் பூசி மூடுவதற்கு 12,000! பதில் போடவில்லை. நாளைக் காலை சுரண்டி எடுக்க வேறு ஆள் வருகிறார், கூலி 9,000. ஆக 64,000 இல்லை, 73,000.