கிட் கிராஃப் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துப் பதில் சொல்வது: ஐந்து வருட அனுபவம்

பில்லிங் மென்பொருள் எழுதும் சின்ன டீம் எங்களுடையது. சப்போர்ட்டில் இருப்பவர்கள் கிட் கட்டளை எதுவும் அடிக்க மாட்டார்கள். எடிட்டரில் தெரியும் கிராஃபை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "அண்ணா, இந்த ஃபிக்ஸ் ரிலீஸில் போயிடுச்சா?" என்று அனுப்புவார்கள். ஐந்து வருடமாக வாரத்துக்கு ஒன்றிரண்டாவது இப்படி வருகிறது. அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பது ஒரு தவறான பதில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெளிவானது.

அன்று வந்த படத்தைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

```
*   e5d2b90 12-03 Merge branch 'fix-round' into main
|\
* | 7a40f3c 10-03 (tag: v2.4) invoice layout
| * c81d5e6 03-03 round tax after total
|/
* 2d96b08 01-03 add discount
```

வரித் தொகையை எங்கே ரவுண்ட் செய்வது என்ற ஃபிக்ஸ்தான் `c81d5e6`. தேதி மார்ச் 3. ரிலீஸ் டேக் `v2.4` மார்ச் 10. ஃபிக்ஸ் டேகுக்குக் கீழே இருக்கிறது, ஒரு வாரம் முந்தியும் இருக்கிறது. "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர் கடையில் பில் மறுபடியும் ஒரு ரூபாய் தப்பாக வந்தது.

படத்தில் மேலே, கீழே இருப்பதையும் தேதியையும் மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு கமிட் இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்பதைக் கோடுதான் சொல்லும். இப்போதெல்லாம் நான் டேக் இருக்கும் புள்ளியில் விரலை வைத்து, கோட்டை விடாமல் கீழே இறங்குவேன். மேலே ஏறக் கூடாது, கோடு இல்லாமல் பக்கத்துப் புள்ளிக்குத் தாவவும் கூடாது. இங்கே `7a40f3c`இலிருந்து இறங்கினால் நேராக `2d96b08`க்குத்தான் போகிறோம். ஃபிக்ஸ் இருக்கும் வலது கோட்டைத் தொடவே இல்லை. அந்தக் கோடு மேலே போய் `e5d2b90`இல்தான் சேர்கிறது. ஆக, எழுதியது மார்ச் 3, main-க்குள் வந்தது மார்ச் 12, ரிலீஸுக்கு இரண்டு நாள் கழித்து.

சந்தேகம் இருந்தால் டெர்மினலில் ஒரே வரி போதும்:

```
git tag --contains c81d5e6
```

பட்டியலில் `v2.4` இல்லையென்றால் அந்த ரிலீஸில் இந்தக் கமிட் இல்லை.

எது எதற்குள் சேர்ந்தது என்பதற்கு மெர்ஜ் கமிட்டின் இரண்டு பெற்றோரையும் பார்க்க வேண்டும். முதல் பெற்றோர் என்பது மெர்ஜ் செய்தவர் அப்போது நின்ற பிராஞ்ச், இரண்டாவது உள்ளே வந்தது. `git log --graph` படத்தில் பொதுவாக முதல் பெற்றோரின் கோடு நேராக இறங்கும், இரண்டாவது வலப்பக்கம் பிரியும். கோட்டின் நிறத்தை நம்பி எதுவும் சொல்லாதீர்கள். அது கண்ணுக்கு வசதி, பிராஞ்சின் அடையாளம் இல்லை, கொஞ்ச தூரத்தில் அதே நிறம் வேறு கோட்டுக்கு வந்துவிடும்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஒருவர் தன் கணினியில் main-இலேயே வேலை செய்துவிட்டு, `git pull` போட்டு, வந்த மெர்ஜை அப்படியே தள்ளிவிட்டால் இடமும் வலமும் மாறிவிடும். அவருடைய கமிட் நேர்கோட்டில் நிற்கும், மற்ற எல்லோருடைய வேலையும் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது போலத் தெரியும். `Merge branch 'main' of` என்று ஆரம்பித்து அடுத்து சர்வர் முகவரி வரும் செய்தியைப் பார்த்தால் உஷாராகிவிடுவேன்.

படத்தில் கிடைக்கவே கிடைக்காத விஷயங்களும் இருக்கின்றன. ஸ்குவாஷ் மெர்ஜ் செய்தால் இணைக்கும் கோடே இருக்காது. வேலை முழுவதும் main-இல் ஒரே புதுக் கமிட்டாக வந்திருக்கும், பழைய பிராஞ்ச் மட்டும் எங்கேயும் சேராமல் தனியாக நிற்கும். அதைப் பார்த்து "இன்னும் மெர்ஜ் ஆகவில்லை" என்று சொல்லிவிடக் கூடாது, main-இல் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அப்புறம், மெர்ஜ் கமிட்டில் இருக்கும் நேரம் அதைச் செய்தவரின் கணினிக் கடிகாரம் காட்டியது. சர்வருக்கு எப்போது தள்ளினார் என்பது கிராஃபில் எங்கேயும் பதிவாவதில்லை. வெள்ளி மாலை மெர்ஜ் செய்துவிட்டுத் திங்கள் காலை புஷ் செய்தாலும் படம் வெள்ளி என்றுதான் காட்டும்.

இத்தனைக்கும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எந்தக் கமிட்டைக் கேட்கிறார்கள் என்பது அதில் உடனே தெரிகிறது. டேகும், மெர்ஜும், பிரிந்த இடமும் மூன்றும் படத்துக்குள் வரும்படி எடுக்க மட்டும் கேட்கிறேன், அடியில் வெட்டிவிட்டால் விரலை எங்கே கொண்டுபோய் முடிப்பது? பதில் அனுப்பும்போது அதே படத்தில் டேகிலிருந்து கீழே சிவப்புக் கோடு போட்டு அனுப்புகிறேன். போன மாதம் சப்போர்ட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் கேள்வியை அனுப்பும்போதே அந்தச் சிவப்புக் கோட்டைத் தானே போட்டு அனுப்பியிருந்தாள். சரியாகவே போட்டிருந்தாள்.